லோயர் பேண்டுக்குக் கீழே வாங்கும் விதி: டிரெண்டில் எப்படித் தப்பிப்பது?

வணக்கம். நிஃப்டி தினசரி சார்ட்டில் 20 நாள், 2 எஸ்டி பாலிஞ்சர் பேண்ட் வைத்து பேக்டெஸ்ட் செய்கிறேன். லோயர் பேண்டுக்குக் கீழே குளோஸ் ஆனால் வாங்கி, நடுக்கோட்டுக்கு மேல் குளோஸ் ஆனதும் விற்பது, அவ்வளவுதான் விதி. பக்கவாட்டு மார்க்கெட்டில் நன்றாகவே ஓடுகிறது.

2020-ல்தான் மாட்டிக்கொண்டது. பிப்ரவரி 28-ல் 11,200 அருகே வாங்கியது. அப்புறம் விலையோடு பேண்டும் அகன்று கீழே போனது, நடுக்கோடும் சரிந்தது. மார்ச் 23-ல் நிஃப்டி 7,610. ஏப்ரல் 9-ல் 'டார்கெட் வந்தது' என்று விற்றபோது விலை சுமார் 9,100! விதிப்படி வெற்றி, கணக்கில் 18 சதவீதத்துக்கு மேல் நஷ்டம்.

பேண்டுக்குள் திரும்பி வந்து குளோஸ் ஆகும்வரை காத்திருந்தும் பார்த்தேன். மார்ச் 3-ல் 11,300-க்கு மேல் உள்ளே வந்தது, உடனே மறுபடி விழுந்தது. 200 நாள் சராசரிக்கு மேலிருந்தால் மட்டும் வாங்கு என்றால் இந்த டிரேட் நின்றுவிடும். ஆனால் நல்ல டிரேடுகள் பலவும் சேர்ந்தே போகின்றன.

நீங்கள் என்ன ஃபில்டர் வைக்கிறீர்கள்? பேண்ட் அகலம் விரிகிறதா என்று பார்ப்பதா, 10 நாளில் திரும்பாவிட்டால் வெளியேறுவதா? சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.