ஃபேன் இல்லாத லேப்டாப்: பத்து நிமிஷ வீடியோ சரியா வருது, ஒரு மணி நேர வீடியோ பாதியில் இழுக்குது

மாடிரூம் (வில்லாபுரம்)
டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோ போடுறேன். மேக்புக் ஏர் எம்1, 8 ஜிபி. ரெக்கார்டிங்கில் சத்தமே இருக்கக் கூடாது என்பதால் ஃபேன் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினது. அந்த விஷயத்தில் குறையே இல்லை, மைக்கில் லேப்டாப் சத்தம் துளி இல்லை.

பிரச்சினை எக்ஸ்போர்ட்டில். ஹேண்ட்பிரேக்கில் `Fast 1080p30`, அதோடு கேமரா புள்ளி போக `NLMeans` ஃபில்டர். பத்து நிமிஷ வீடியோ 5 நிமிஷத்தில் முடியுது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேர வகுப்பு 30 நிமிஷத்தில் முடியணும், ஆனா 43 நிமிஷம் ஆகுது. ஆரம்பத்தில் 60 ஃப்ரேம் வேகம் காட்டும், அப்புறம் 38-க்கு இறங்கி அங்கேயே நிக்குது. எக்ஸ்போர்ட் நேரத்தில் மூடியைச் சாத்தி வெளி மானிட்டரில் வேற வேலை பார்ப்பேன். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி கிடையாது. மெஷின் கோளாறா, 8 ஜிபி பத்தலையா, இல்லை சூடா?

வைகைக்கரை
சூடுதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். அடியில் ரெண்டு ஃபேன் வச்ச கூலிங் பேட் ஒண்ணு வாங்கிப் போடுங்க, சரியாயிடும். சித்திரை வெயிலில் மாடி ரூமில் மனுஷனே உட்கார முடியாது.

எல்லிஸ்நகர் சர்வீஸ்
சூடாக இருக்கலாம், ஆனா பார்த்துட்டுச் சொல்வோம். எக்ஸ்போர்ட் ஓடும்போது டெர்மினலில் இதைப் போட்டு விடுங்க, பாஸ்வேர்ட் கேட்கும்:

```
sudo powermetrics --samplers thermal,cpu_power -i 10000
```

பத்து விநாடிக்கு ஒரு தடவை எழுதும். ரெண்டு வரி போதும். ஒண்ணு `Current pressure level`: `Nominal` என்றால் நிம்மதி, `Moderate`, `Heavy` என்று ஏறினால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைக்குது. இன்னொண்ணு `P-Cluster HW active frequency`: வேலை தொடங்கும்போது 3000-ஐ ஒட்டி இருக்கும், சூடு ஏறினால் அந்த எண் இறங்கும்.

மெமரி பத்தாமல் இழுப்பதும் வெளியே பார்க்க இதே மாதிரிதான் தெரியும். பிரிச்சுப் பார்க்க Activity Monitor திறந்து ஹேண்ட்பிரேக்கின் சிபியு சதவீதத்தைப் பாருங்க. மெமரி தட்டுப்பாடு என்றால் சிபியு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும், சதவீதம் விழும், Memory பக்கத்தில் கிராஃப் மஞ்சளோ சிவப்போ ஆகும். சூடு என்றால் சதவீதம் அப்படியே 700-க்கு மேல் நிக்கும், ஃப்ரேம் வேகம் மட்டும் இறங்கும். ஒரு கோருக்கு 100 என்ற கணக்கில் சிப்பில் எட்டு கோர். எட்டுப் பேரும் வேலை பார்க்கிறாங்க, ஆனா நடையைக் குறைச்சுட்டாங்க என்று அர்த்தம்.

திருமங்கலம் டீச்சர்
எனக்கும் இதே பிரச்சினை சார். என் விண்டோஸ் லேப்டாப்பில் பாடம் ரெக்கார்ட் பண்ணினால் ஃபேன் சத்தம் அப்படியே விழுது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் குரல் தண்ணிக்குள்ளிருந்து பேசுற மாதிரி ஆகுது. ஃபேனைக் கழட்டிட்டு ஓட்டலாமா?

எல்லிஸ்நகர் சர்வீஸ்
டீச்சர், உங்க கேள்வி இதுக்கு நேர் எதிர். ஃபேனைக் கழட்டாதீங்க. ஃபேன் லேப்டாப்பின் ஹீட் சிங்க் காற்று ஓடும் என்ற கணக்கில் சின்னதாகச் செஞ்சது. காற்று நின்றால் ஃபேன் இல்லாத லேப்டாப்பை விட மோசமாகத் திணறும்.

உங்களுக்குத் தொந்தரவு ஃபேன் சத்தத்தை விட அது ஏறி இறங்குவதுதான். ஒரே சீரான சத்தமாக இருந்தால் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதை மாதிரிக்கு எடுத்துச் சுத்தமாகக் கழிச்சுடும். நடுவில் சுருதி மாறினால் குரலையும் சேர்த்துக் கடிக்கும். ரெக்கார்டிங் நேரத்துக்கு மட்டும் டர்போவை நிறுத்தி வையுங்க:

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg /setactive SCHEME_CURRENT
```

இது சார்ஜரில் இருக்கும்போது. பேட்டரியில் ஓட்டினால் `setdcvalueindex`. ஸ்லைடும் மைக்கும் மட்டும் ஓடுற வேலைக்கு டர்போ தேவையே இல்லை. பெரும்பாலான மெஷினில் ஃபேன் அடங்கிடும். முடிஞ்சதும் 99-க்குப் பதில் 100 போட்டுத் திருப்பிடுங்க, இல்லைன்னா எக்ஸ்போர்ட் நத்தை மாதிரி போகும். மைக் கார்டியாய்டு என்றால் அதன் முதுகு லேப்டாப்பைப் பார்க்கணும். லேப்டாப்பை இருக்கிற தூரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி வச்சாலே ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்.

மாடிரூம்
பார்த்துட்டேன் அண்ணே. தொடக்கத்தில் `Nominal`, 2990 பக்கம். எட்டு நிமிஷம் தாண்டினதும் `Heavy`, எண் 2000-க்குப் பக்கத்தில். சிபியு சதவீதம் இறங்கவே இல்லை. மெமரி கிராஃப் பச்சைதான்.

வைகைக்கரை
சொன்னேனா இல்லையா. பேட் வாங்குங்க.

எல்லிஸ்நகர் சர்வீஸ்
சூடு என்பது உறுதி. பேட் விஷயத்தில் வைகைக்கரை சொல்வது பாதி சரி. அடியில் காற்று போக ஓட்டை இல்லாத மெஷின் இது. சிப்பின் மேல் ஒரு அலுமினியத் தகடு இருக்கு, அதுக்கும் அடி மூடிக்கும் நடுவில் இடைவெளி. அதனால் சூட்டில் நிறையப் பங்கு கீபோர்டு மேல்பக்கமும் கீல் பக்கமும்தான் வெளியே வருது. அங்கே காற்று பட்டால் பலன் அதிகம், அடியில் பட்டால் கொஞ்சம். காசு செலவழிக்காமல் முதலில் சீலிங் ஃபேனைப் போடுங்க. எக்ஸ்போர்ட் நேரத்தில் மைக் ஓடப்போறதில்லை.

மூடியைச் சாத்தி ஓட்டுவதை நிறுத்துங்க. சூடு வெளியேறும் மேல்பக்கத்தை ஸ்கிரீனால் மூடி வச்சிருக்கீங்க. அடியில் துணியோ ரப்பர் ஷீட்டோ இருந்தால் எடுத்துடுங்க. சார்ஜும் முன்னாடியே ஏத்தி முடிச்சிருக்கணும். பாதி பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொண்டே எக்ஸ்போர்ட் விட்டால் பேட்டரி ஏறுற சூடும் அதே டப்பாவுக்குள்தான். நிறைஞ்ச பிறகு சார்ஜர் மாட்டியிருந்தால் பரவாயில்லை.

அந்த முதல் எட்டு நிமிஷ வேகம் கடன் வாங்கின வேகம். குளிர்ந்த உலோக உடம்பு சூட்டைக் குடிச்சுக்கொண்டே இருக்கும்வரை சிப் முழு வேகத்தில் போகும். உடம்பு நிறைஞ்ச பிறகு, அறைக் காற்று எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளுதோ அவ்வளவுதான் சிப் செலவழிக்க முடியும். ஆப்பிள் இந்த மெஷினுக்குச் சொல்கிற அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. மே மாசம் ஜன்னல் சாத்தின மாடி ரூம் அதைத் தாண்டியே இருக்கும்.

கே.கே.நகர்
இவ்வளவு பாடு எதுக்கு? எம்1 சிப்பே போட்டு, ஃபேனோட 13 இன்ச் ப்ரோ இருக்கு. செகண்ட் ஹேண்டில் மாத்திக்கோங்க. அதே சிப், ஒரு மணி நேரமானாலும் வேகம் இறங்காது, சின்ன வேலைக்கு ஃபேன் சுத்தும் சத்தமும் காதில் விழாது. இல்லைன்னா அடி மூடியைத் திறந்து தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் தெர்மல் பேட் வையுங்க. நிறையப் பேர் செய்றது அது.

எல்லிஸ்நகர் சர்வீஸ்
தெர்மல் பேட் வேலை செய்யும், மறுக்கலை. ஆனா அது முட்டுக்கட்டையைச் சிப்பிலிருந்து அடி மூடிக்கு நகர்த்துது. மூடி 45 டிகிரி வரை போகலாம் என்று வச்சுக்குவோம். 25 டிகிரி ஏசி அறையில் காற்றுக்கும் மூடிக்கும் 20 டிகிரி வித்தியாசம். 36 டிகிரி அறையில் வெறும் 9. அதே மூடி பாதிச் சூட்டைக்கூட வெளியே தள்ளாது. ஏசி அறையில் எடுத்த சோதனை எண்ணை வச்சு மதுரை மாடி ரூமுக்குக் கணக்குப் போடக் கூடாது. மடியில் வைக்க முடியாது, பக்கத்திலேயே பேட்டரி, வாரண்டி இருந்தால் அதுவும் கேள்விக்குறி.

ஃபேன் மாடலுக்கு இந்த அறை இவ்வளவு வலிக்காது. சிப் 95 டிகிரியில் இருக்க, காற்றை நேராக ஹீட் சிங்க்கில் அடிக்குது. 25 டிகிரி அறையில் 70 வித்தியாசம், 36-இல் 59. இழப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. தினம் மூணு நாலு மணி நேரம் சிபியுவை முழுசாகப் பிழியும் வேலை என்றால் கே.கே.நகர் சொல்வதுதான் வழி. மாடிரூம் தம்பிக்கு அந்த வேலை நிஜமாகவே இருக்கா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தம்பி, உங்க `Fast 1080p30` சிபியுவில் ஓடும் x264. இந்தச் சிப்பில் வீடியோ சுருக்க என்றே தனிப் பகுதி இருக்கு, அது அவ்வளவாகச் சூடாகாது. Video பக்கத்தில் Video Encoder-ஐ `H.264 (VideoToolbox)` என்று மாத்தி ஓட்டிப் பாருங்க.

மாடிரூம்
மூடியைத் திறந்து, டேபிளில் இருந்த ரெக்சின் விரிப்பை எடுத்து, சீலிங் ஃபேன் போட்டதில் 37 நிமிஷம் ஆச்சு. 46 ஃப்ரேமில் நிக்குது.

ஆனா VideoToolbox மாத்தியும் பெரிசா ஒண்ணும் ஆகலை. 68-இல் தொடங்கி அதுவும் இறங்குது. சிபியு இன்னும் முழுசா ஓடுதே?

எல்லிஸ்நகர் சர்வீஸ்
Filters பக்கத்தில் `NLMeans` இன்னும் இருக்கும். அது முழுக்க முழுக்க சிபியு வேலை, தனிப் பகுதிக்குப் போகாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் அது அரைச்சு முடிச்சுத் தந்தால்தான் சுருக்கும் பகுதிக்கு வேலை. Denoise-ஐ `Off` பண்ணிட்டு ஒரு தடவை ஓட்டுங்க.

மாடிரூம்
220 ஃப்ரேம்! ஒரு மணி நேர வகுப்பு எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. கடைசி வரை `Nominal`. மெஷின் வெதுவெதுப்புதான்.

ஆனா முகத்தைச் சுத்திப் புள்ளி திரும்ப வந்துடுச்சு, ஃபைலும் பெரிசு.

எல்லிஸ்நகர் சர்வீஸ்
ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு. வெளிச்சம் பத்தாமல் கேமரா தானே கெயினை ஏத்துது, புள்ளி அங்கே பிறக்குது. அந்தப் புள்ளியைச் சுருக்கத்தான் ஃபைல் வீங்குது. முகத்துக்கு முன்னாடி, கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு எல்இடி பல்பை வெள்ளைத் துணி மறைச்சு வையுங்க. பல்ப் தொடாத தூரத்தில் துணி இருக்கணும். அதுக்கு அப்புறமும் தனிப் பகுதி சுருக்கும் ஃபைல் x264-ஐ விடக் கொஞ்சம் பெரிசாகத்தான் வரும், அதை மாத்த முடியாது. Quality ஸ்லைடரை 60-இல் தொடங்கி, ஸ்லைடில் உள்ள சின்ன எழுத்தின் ஓரம் கலங்குதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்க. முகத்தை விட எழுத்துதான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

புள்ளி மிஞ்சின வகுப்புக்கு மட்டும் `NLMeans` போட்டு ராத்திரி விட்டுட்டுப் படுத்துடலாம். மூடியைத் திறந்து வச்சு.

வைகைக்கரை
சரி, பேட் வேண்டாம் என்றே வச்சுக்குவோம். ரெக்கார்டிங்கில் சீலிங் ஃபேனை நிறுத்திடுறாரே, அப்ப வேர்த்துக் கொட்டுறதுக்கு என்ன பண்றது?

திருமங்கலம் டீச்சர்
99 போட்டேன் சார், ஃபேன் அடங்கிடுச்சு. இப்பத்தான் தெரியுது, மிச்ச இரைச்சல் முழுக்க சீலிங் ஃபேன்.

கே.கே.நகர்
அதைத்தான் நானும் சொல்றேன் டீச்சர். சீலிங் ஃபேன் ஓடுற அறையில் லேப்டாப் ஃபேன் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன. ப்ரோதான் சரி.

மாடிரூம்
நான் ஃபேனை நிறுத்திட்டு இருபது இருபது நிமிஷமா எடுத்து ஒட்டுறேன் அண்ணே, அதனால் எனக்கு ஏர் இருக்கட்டும். எல்இடி போட்டு எடுத்த வீடியோவின் சைஸை ஞாயித்துக்கிழமை இங்கேயே போடுறேன்.