2 டெராபைட் டிஸ்க் வாங்கினேன், 1.81 தான் காட்டுகிறது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கல்யாண ஸ்டூடியோ
போன வாரம் வெளியில் வைத்துச் செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 2 டிபி என்று பெரிதாகப் போட்டிருந்தது. விண்டோஸில் செருகிப் பார்த்தால் 1.81 TB. குறைவது 190 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு எனக்கு 120 ஜிபி வரை ஆகிறது, அதாவது ஒன்றரைக் கல்யாணம் போய்விட்டது. கடையில் கேட்டேன். "ஃபார்மேட் பண்ணும்போது அவ்வளவு போகும் சார்" என்றார். மனசு ஒப்பவில்லை. இதே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

மேசைக் கணினி ரவுண்ட்
கடைக்காரர் சொன்னது சரிதான். ஃபார்மேட் செய்தால் கோப்புகளின் அட்டவணைக்குக் கொஞ்சம் இடம் போகும். என் லேப்டாப்பிலும் ரெகவரி பார்ட்டிஷன், பூட் பார்ட்டிஷன் எல்லாம் சேர்ந்து இடத்தைப் பிடித்திருக்கிறது. எல்லா டிஸ்க்கிலும் இப்படித்தான்.

பழைய சர்வீஸ் கை
ஃபார்மேட்டுக்கு இடம் போகும் என்பது உண்மை, ஆனால் 190 ஜிபி போகாது. விண்டோஸ் தன் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் பூட், ரெகவரி பகுதிகள் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு ஜிபி அளவுதான். வெளி டிஸ்க்கில் அவை இருப்பதே இல்லை. ஸ்டூடியோ அண்ணா, அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து Properties திறங்கள். Capacity என்ற வரியில் முதலில் நீளமாக ஓர் எண் இருக்கும், அதை அப்படியே இங்கே போடுங்கள். வலது ஓரத்தில் இருக்கும் 1.81-ஐ விட்டுவிடுங்கள்.

கல்யாண ஸ்டூடியோ
2,000,396,742,656 bytes.

பழைய சர்வீஸ் கை
அப்படியென்றால் உங்கள் டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. இரண்டு லட்சம் கோடி பைட் கேட்டீர்கள், அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். மாறியது அளக்கிற படி.

டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். ஒரு ஜிபி என்றால் சரியாக நூறு கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. உங்கள் எண்ணையே எடுங்கள். ஒருமுறை 1024-ஆல் வகுத்தால் கேபி, இன்னொரு முறை வகுத்தால் எம்பி, மூன்றாவது முறை 1863 ஜிபி, நான்காவது முறை 1.819 டிபி. விண்டோஸ் கடைசி இலக்கத்தை வெட்டி 1.81 என்று காட்டுகிறது. எங்கள் ஊரில் சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு இருந்தன. ஒரே நெல்லைச் சின்னப் படியில் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரிய படியில் குறையும், நெல் குறையாது. விண்டோஸ் கையில் இருப்பது பெரிய படி. அந்தப் பெரிய படிக்குத் தனிப்பெயரே உண்டு: கிபிபைட், சுருக்கமாக GiB. 1998-இல் ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு வைத்த பெயர். விண்டோஸ் அளப்பது கிபிபைட்டில், பக்கத்தில் எழுதுவது GB என்று. குழப்பம் முழுக்க அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

கணக்கு டீச்சர்
ஒரு சந்தேகம். என் 1 டிபி டிஸ்க் 931 GB காட்டுகிறது, அதாவது சுமார் 7 சதவீதம் குறைவு. இவருக்கு 2-இல் 0.19 என்றால் 9 சதவீதத்துக்கும் மேல். டிஸ்க் பெரிதானால் அதிகமாகப் பிடிக்கிறார்களா?

பழைய சர்வீஸ் கை
நல்ல கேள்வி டீச்சர். அளவு பெரிதாவதால் அல்ல, எந்த அலகில் சொல்கிறோம் என்பதால். ஜிபி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்குகிறோம், டிபி என்றால் நான்கு முறை. ஒவ்வொரு முறை பெருக்கும்போதும் 2.4 சதவீதம் வித்தியாசம் ஏறுகிறது. அவருடைய டிஸ்க்கையும் ஜிபியில் சொன்னால் 2000-க்கு 1863, உங்களுடைய அதே 7 சதவீதம்தான். அதனால் "190 ஜிபி போச்சு" என்ற கணக்கும் தப்பு. 1.81-ஐ 2-இலிருந்து கழித்துவிட்டு மீதியை ஜிபி ஆக்கும்போது இரண்டு படிகளும் கலந்துவிடுகின்றன.

மேசைக் கணினி ரவுண்ட்
அப்படியானால் 8 ஜிபி ராம் மட்டும் ஏன் 8 என்றே காட்டுகிறது?

பழைய சர்வீஸ் கை
ராமை விற்கிறவர்களும் பெரிய படியில்தான் அளக்கிறார்கள். முகவரிக் கம்பி ஒன்று கூடினால் கொள்ளளவு இரட்டிக்கும், பத்துக் கம்பிக்கு 1024 வரும். அதனால் 1024 அங்கே இயல்பாக அமைகிறது. சுழலும் தட்டில் அப்படி இரட்டிக்கிற கட்டாயம் எதுவும் இல்லை.

பெங்களூர் வேலை
என் அனுபவம் வேறு மாதிரி. ஆபீஸ் லேப்டாப்பில் "1 டிபி" எஸ்எஸ்டி, 953 GB காட்டியது. மாற்ற வாங்கியதும் 1 டிபி, ஆனால் 931 GB. அப்படியே குளோன் செய்யப் போனால் "இடம் போதாது" என்று மென்பொருள் நிறுத்திவிட்டது. ஒரு சனிக்கிழமை முழுக்க அதில் போனது. பிறகுதான் பைட் எண்ணிக்கையைப் பார்த்தேன். பழையது 1,024,209,543,168, புதியது 1,000,204,886,016. 1024 ஜிபி வைத்ததையும் 1000 ஜிபி வைத்ததையும் ஒரே பெயரில் 1 டிபி என்றுதான் சொல்கிறார்கள். C: பகுதியைச் சுருக்கிவிட்டு, பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக நகல் எடுத்த பிறகே வேலை முடிந்தது. குளோன் செய்கிறவர்கள் முதலில் பைட்டைப் பாருங்கள்.

உபுண்டு வீடு
லினக்ஸில் இன்னொன்றும் சேரும். என் 1 டிபி டிஸ்க்கை ext4-இல் ஃபார்மேட் செய்தபின் `df -h` கொடுத்தால் Size 916G, Avail 870G. காலி டிஸ்க்! 931 முதலில் 916 ஆனது, கோப்புகளின் விவரங்களை வைக்கும் ஐநோடு அட்டவணைகளுக்கு. மீதி 46 ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும் 5 சதவீதம். படம், வீடியோ மட்டும் வைக்கிற டிஸ்க் என்பதால் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்துக்கொண்டேன்:

```
sudo tune2fs -m 1 /dev/sdb1
```

சிஸ்டம் இருக்கிற பகுதியில் இதைச் செய்யாதீர்கள். டிஸ்க் நிரம்பிவிட்டாலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த இடம் வேண்டும். அப்புறம், `df -H` என்று பெரிய எழுத்தில் கொடுத்தால் ஆயிரக் கணக்கில் காட்டும்.

ஊர்க்காரன்
என் 2 டிபி பென்டிரைவ் ஆன்லைனில் மலிவாக வந்தது. 1.9 TB-க்கு மேல் காட்டுகிறது, உங்களுடையதைவிட அதிகம். அப்போ நல்ல பொருள்தானே?

பழைய சர்வீஸ் கை
தம்பி, அதில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். டிஸ்க் தன் அளவைத் தானே சொல்கிறது, உள்ளே இருக்கும் சிப் பொய் சொன்னால் விண்டோஸ் அப்படியே நம்பும். 32 ஜிபி மட்டும் உள்ளே வைத்துவிட்டு 2 டிபி என்று சொல்ல வைத்தவை நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. முதலில் போட்ட படங்கள் திறக்கும், பின்னால் போட்டவை பெயரோடு மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் சோதனை. விண்டோஸில் H2testw, லினக்ஸில் f3write, f3read. ஸ்டூடியோ அண்ணாவும் கல்யாணப் படங்களைப் போடும் முன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பைட் எண் சரியாக இருப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது.

கல்யாண ஸ்டூடியோ
இன்று ஆல்பம் டிசைனரின் மேக்கில் அதே டிஸ்க்கைச் செருகினோம். 2 TB என்றே காட்டியது.

பழைய சர்வீஸ் கை
2009-இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து மேக் சின்னப் படிக்கு மாறிவிட்டது.

கணக்கு டீச்சர்
விண்டோஸும் GiB என்று எழுதினால் போதுமே. ஆனால் பெட்டியின் மேலும் பைட்டில் எழுதட்டும். வாங்குகிறவர் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மேசைக் கணினி ரவுண்ட்
பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் "1 ஜிபி = நூறு கோடி பைட்" என்று இருக்கிறது. இன்றுதான் படித்தேன்.

ஊர்க்காரன்
H2testw ஓட விட்டிருக்கிறேன். நாற்பது ஜிபி எழுதியிருக்கிறது, முதலில் வேகமாகப் போனது இப்போது ரொம்ப மெதுவாகிவிட்டது. படிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. முடிந்ததும் போடுகிறேன்.