மறு: பெர்பியூசன் – ஊட்டமா, ஓட்டமா, பாய்ச்சலா?

மொழிபெயர்ப்பாளர், கிளிநொச்சி

வணக்கம். இதயக் கிளினிக்குக்கு வருபவர்கள் வாசிக்க ஒரு தமிழ்க் கையேடு எழுதுகிறேன். இதயத்தசைக்குள் இரத்தம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் மயோகார்டியல் பெர்பியூசன் ஸ்கான், இதயத்தைத் தூண்டிவிட்டு அதன் சுவர்கள் சுருங்குவதைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ இரண்டுக்கும் பெயர் வேண்டும். முதல் வரைவில் 'இதயத்தசைக் குருதியூட்ட வரைவு', 'அழுத்த எக்கோ' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்த அம்மா ஒருவர், "ஊட்டத்துக்கு என்ன சாப்பிட வேணும்?" என்று கேட்டார். இன்னொருவர் அழுத்தம் என்றதைப் பிரஷர் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு சோதனையும் தசைக்கு இரத்தம் போதாமல் போகும் இஸ்கீமியாவைத்தானே தேடுகின்றன? 'குருதிக்குறைச் சோதனை' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து, கமராவில் எடுப்பது, ஒலியில் எடுப்பது என்று பிரித்துவிடலாமா?

உயிரியல் ஆசிரியை, மாங்குளம்

'குருதியோட்டம்' எல்லாருக்கும் பழகிய சொல். நாடி ஒடுங்கினால் அதற்குக் கீழே ஓட்டம் குறையும். ஸ்கான் அந்தக் குறைவைக் கதிரால் காட்டும், எக்கோ அதே குறைவை ஒலியால் காட்டும். ஆகவே 'ஓட்ட வரைவு', 'ஒலி ஓட்ட வரைவு' போதும் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், முல்லைத்தீவு

பிள்ளைகள், வாய்க்காலில் ஓடுவது ஓட்டம். வயலுக்குள் பரவி மண்ணை நனைப்பது பாய்ச்சல். தசைக்குள் இறங்கும் இரத்தத்தைத்தான் சொல்கிறீர்கள் என்றால் 'பாய்ச்சல்' என்று வையுங்கள்.

என் கதையையும் சொல்லவேண்டும். எனக்கு 66 வயது, முழங்கால் தேய்வு, சின்ன வயதிலிருந்தே தொய்வு. போன வருடம் நெஞ்சு இறுக்கத்துக்கு முதலில் ஸ்கான் என்றார்கள். தொய்வு என்றதும் அதை நிறுத்தி, படுக்க வைத்து, கையில் மருந்து ஏற்றி எக்கோ பார்த்தார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது. ஸ்கானுக்கு என் நெஞ்சு தாங்காது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் ஏன் மாற்றினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதயநோய்ப் பிரிவு மருத்துவர், வவுனியா

ஐயா, ஸ்கான் உங்களைத் தாக்கியிருக்காது. கமராவுக்குக் கீழே படுத்திருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. பயம், அதற்கு முன் ஏற்றும் மருந்தில்தான். முழங்கால் தேய்ந்தவர் ட்ரெட்மில்லில் நடக்க முடியாது. அப்படியானவருக்கு அடினோசின் அல்லது டைபிரிடமோல் கொடுத்து இதயநாடிகளை விரியச் செய்வார்கள். அதே மருந்து தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். அதனால்தான் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் டொபியூட்டமின் ஏற்றிப் பார்க்கும் எக்கோவுக்கு மாற்றியிருப்பார்கள். சரியான முடிவுதான். அதை உங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

ஆசிரியையின் விளக்கத்தில் பாதி சரி. ஆனால் ஓய்வில் இருக்கும்போது, நாடி நன்றாக ஒடுங்கியிருந்தாலும் கீழே ஓட்டம் குறைவதில்லை. கீழுள்ள சிறு நாளங்கள் தாமே விரிந்து ஈடுசெய்துவிடும். ஓய்விலேயே ஓட்டம் குறைய வேண்டுமென்றால் ஒடுக்கம் கிட்டத்தட்ட 85, 90 வீதத்தைத் தொட வேண்டும். அதற்கு முன்பே பிடிக்கத்தான் இதயத்தைத் தூண்டிப் பார்க்கிறோம். அடினோசின் ஏற்றினால் நல்ல நாடியில் ஓட்டம் மூன்று நான்கு மடங்காகும். ஒடுங்கிய நாடியில் நாளங்கள் ஏற்கெனவே விரிந்து முடிந்துவிட்டன, அங்கே ஓட்டம் கூடுவதற்கு இடமில்லை. அந்த நேரத்தில் கதிர் வீசும் தெக்னீசியம் சேர்ந்த மருந்தைச் செலுத்தினால் ஒரு பகுதி நிறைய எடுக்கும், மற்றது குறைவாக எடுக்கும். எடுத்த இடத்திலேயே அது தங்கிவிடுவதால், அரை மணி நேரம் கழித்துப் படம் எடுத்தாலும் தெரிவது தூண்டலின் போது இருந்த நிலைதான்.

இங்கே கவனியுங்கள்: அந்தத் தசை அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இஸ்கீமியா தொடங்காமலே பாய்ச்சல் வேறுபாடு தெரிந்துவிடும். எக்கோ அப்படியில்லை. தசை உண்மையிலேயே ஒட்சிசன் இல்லாமல் தவித்து, சுருங்குவதில் பின்தங்கினால்தான் அதில் தெரியும். அது அடுத்த படி. அதனால் ஸ்கான் கொஞ்சம் கூடுதலான ஆட்களைப் பிடிக்கும். எக்கோவில் அகப்பட்டால் நோய் இருப்பது கூடுதல் உறுதி. 'குருதிக்குறை' என்று இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால் இந்த வேறுபாடு போய்விடும்.

விவசாயப் போதனாசிரியர், முல்லைத்தீவு

நன்றி டொக்டர். எக்கோ முடிவு எழுதிய துண்டைத் தேடி எடுத்தேன். மருந்து 5, 10, 20, 30, 40 என்று மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால் கூட்டியிருக்கிறது. நாடித்துடிப்பின் இலக்கு 131 என்று இருக்கிறது. 40இல் நாடித்துடிப்பு 126. முன்சுவரும் நுனியும் தளர்ந்தன, பிறகு சரியாயின என்று எழுதியிருக்கிறது. இலக்கைத் தொடாததால் சோதனை பிழைத்ததா?

மருத்துவர், வவுனியா

பிழைக்கவில்லை. 220இலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 154. அதில் 85 வீதம் 131. அதுவரை போயும் சுவர்கள் நன்றாகச் சுருங்கினால்தான் 'நோய் இல்லை' என்று நம்பலாம். தொடாமல் நின்று, ஒன்றும் தெரியாமல் போயிருந்தால் சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது. உங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஓய்வில் நன்றாக இருந்த சுவர் மருந்தின் உச்சத்தில் தளர்ந்து, மருந்து நின்றதும் மீண்டது. முன்சுவரும் நுனியும் சேர்ந்து தளர்ந்தால் இடது முன் இறங்கு நாடியைச் சந்தேகிப்போம். அடுத்தது அஞ்சியோகிராமா, மருந்தா என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

உயிரியல் ஆசிரியை, மாங்குளம்

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் தொய்வு இல்லாதவர்களுக்கு ஸ்கான்தானே நல்லது? முதல் படியிலேயே பிடித்துவிடுகிறதே.

மருத்துவர், வவுனியா

ஐயாவின் வயலையே எடுப்போம். ஸ்கான் ஒரு வயலை இன்னொரு வயலோடு ஒப்பிடுகிறது. மிகப் பச்சையாக இருப்பதை நூறு என்று வைத்து மற்றதை அளக்கும். மூன்று வாய்க்காலும் ஒரே அளவில் தூர்ந்திருந்தால் எல்லா வயலும் ஒரே மாதிரி வாடும். படம் அழகாகச் சீராக இருக்கும். மூன்று நாடியும் ஒடுங்கிய ஆள் இப்படித் தப்பிவிடலாம். தூண்டிய படத்தில் இடது கீழறை ஓய்வில் இருந்ததை விடப் பெருத்துத் தெரிந்தால் அப்போது சந்தேகம் வரவேண்டும். மார்பகமும் பிரிமென்தகடும் கதிரை மறைத்து, இல்லாத குறையைக் காட்டுவதும் உண்டு. இளம் பெண்ணென்றால் கதிர் இல்லாத எக்கோவையே நான் முதலில் யோசிப்பேன்.

ஆனால் உடல் பருத்தவர், நுரையீரல் உப்பியவர் என்றால் எக்கோவில் சுவரே சரியாகத் தெரியாது. அவர்களை ஸ்கானுக்கு அனுப்புவேன். ஈ.சி.ஜியில் இடது கட்டுக்கிளைத் தடை, அதாவது இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்தூண்டல் போகும் வழியில் தடை, இருப்பவருக்கும் ஸ்கான்தான், அதுவும் நாடியை விரிக்கும் மருந்தோடு. அவர்களின் இடைச்சுவர் எப்படியும் ஒழுங்கில்லாமல் அசையும் என்பதால் எக்கோ படிப்பது கடினம். ஓடவைத்து ஸ்கான் எடுத்தாலும் அந்தச் சுவரில் பொய்க்குறை தெரியும்.

மொழிபெயர்ப்பாளர், கிளிநொச்சி

'இதயத்தசைப் பாய்ச்சல் வரைவு' என்று எழுதிவிட்டேன். இரணைமடுத் துருசு திறப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நாடியை விரிக்கும் மருந்து ஏற்றுவதென்றால் முதல் நாளே தேத்தண்ணியும் கோப்பியும் நிறுத்தவேண்டும், குடித்தால் மருந்து வேலை செய்யாது என்பதையும் அதே பக்கத்தில் பெரிதாகப் போடுகிறேன்.

மற்றதற்கு 'பளு எக்கோ' என்று நினைக்கிறேன்.

உயிரியல் ஆசிரியை, மாங்குளம்

'பாய்ச்சல்' எனக்கு இன்னும் புலிப் பாய்ச்சலாகத்தான் கேட்கிறது. 'குருதிப்பாய்ச்சல்' என்று முழுதாக எழுதினால் ஒத்துக்கொள்வேன்.

மருத்துவர், வவுனியா

எக்கோவுக்குப் பளு பொருந்தும். டொபியூட்டமின் இதயத்தை உண்மையிலேயே வேலை வாங்குகிறது. ஆனால் ஸ்கானுக்கு முன் அடினோசின் கொடுத்தால் அதையும் ஸ்ட்ரெஸ் என்றுதான் சொல்கிறோம். அங்கே இதயம் பளு ஒன்றும் சுமப்பதில்லை, நாடி விரிகிறது, அவ்வளவுதான். 'தூண்டல்' என்றால் இரண்டுக்கும் சரிவரும். அது மாணவருக்குப் பொருந்தும், நோயாளிக்கு விளங்குமா என்று தெரியவில்லை.

விவசாயப் போதனாசிரியர், முல்லைத்தீவு

தூண்டல் என்றால் எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கிற தூண்டில் என்பார்கள். பளுவையே வையுங்கள். கிளினிக் நாளில் வரிசையில் இருப்பவர்களிடம் இரண்டு சொல்லையும் கேட்டுப் பார்த்து எழுதுகிறேன்.