எட்டு பிட் பெருக்கியில் பூத் மாற்றுக்குறியீடு: வரிசைகள் உண்மையிலேயே பாதியாகின்றனவா?

கேட்வாசல்: பெருக்கும் எண்ணை நான்கின் அடிமானத்தில் மாற்றி எழுதினால், எட்டுப் பகுதிப் பெருக்கற்பலன் வரிசைகள் நான்காகும் என்கிறார்கள். ஆனால் 01010101 என்ற எண்ணில் ஒன்றுகளே நான்குதானே இருக்கின்றன. அங்கே என்ன லாபம்?

தொடர்கூட்டி: லாபம் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. பூத் 1951-இல் தந்த மூல முறையில் இந்த எண்ணை எழுதினால், அடுத்தடுத்த பிட்டுகள் எல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால், நான்கு கூட்டல்களுக்குப் பதிலாக எட்டுக் கூட்டல் கழித்தல்கள் வந்து நிற்கும். நான்கின் அடிமான வடிவத்திற்கும் இதே குறை உண்டு.

நிரல்வரிசை: மூல முறையைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி, ஆனால் அந்தக் குறை மாற்றியமைத்த வடிவத்திற்கு வருவதில்லை. இதில் ஒவ்வொரு படியிலும் மூன்று பிட்டுகளைப் பார்த்து, இரண்டு பிட்டுகள் நகர்கிறோம். ஆகவே எந்த எண்ணாக இருந்தாலும் இலக்கங்கள் நான்குதான். 01010101 என்பதில் நான்கும் +1 ஆகவே வரும்: 1 + 4 + 16 + 64 = 85.

ஒன்றுகளை எண்ணிப் பார்ப்பது, பூச்சியத்தைத் தாண்டிச் செல்லும் தொடர் சுற்றுக்கே பொருந்தும். இணைப் பெருக்கியில் 11111111 வந்தாலும் தாங்க வேண்டும் என்பதால், எட்டு வரிசைகளுக்கும் கம்பிகள் சில்லில் எப்போதும் இருக்கும். குறைப்பது அந்த வரிசைகளைத்தான்.

குறியுள்ள −75 எனும் 10110101-ஐ எடுத்து, வலப்புறம் ஒரு 0 சேர்த்து, வலமிருந்து மும்மூன்றாக, ஒரு பிட் மேலடுக்கும்படி பிரிப்போம். மூன்றின் இடது பிட்டுக்கு −2, மற்ற இரண்டுக்கும் +1 மதிப்பு.

```
010 -> +1  x 1
010 -> +1  x 4
110 -> -1  x 16
101 -> -1  x 64
```

1 + 4 − 16 − 64 = −75. இலக்கம் −2 முதல் +2 வரைக்குள் நின்றுவிடுவதுதான் இம்முறையின் உயிர்நாடி. இரண்டிரண்டாகப் பிரித்து 0 முதல் 3 வரை வைத்துக்கொண்டாலும் நான்கு வரிசைகளே வரும். ஆனால் மும்மடங்கைப் பெற முதலில் ஒரு முழுக் கூட்டல் செய்து, கேரி கடைசிவரை ஓடி முடியக் காத்திருக்க வேண்டும். இருமடங்குக்கோ ஓர் இடம் தள்ளினால் போதும்.

சில்லுப்பணி: நான் இதையே 45 × −75 என்று சிமுலேஷனில் ஓட்டினேன். −3375 வர வேண்டிய இடத்தில் −3455 வருகிறது. குறி நீட்டிப்பை 16 பிட்டுவரை செய்துவிட்டேன். மாற்றுக்குறியீட்டு அட்டவணையே தவறோ?

நிரல்வரிசை: அட்டவணை சரிதான். வித்தியாசம் 80; அதாவது 16 + 64. எதிர்மறை இலக்கங்கள் இருக்கும் இரண்டு வரிசைகளின் எடைகளும் அவையே. 45-இன் பிட்டுகளைத் திருப்பியதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அது −45 அல்ல, −46. ஒவ்வொரு எதிர்மறை வரிசைக்கும் ஒரு 1 பாக்கி நிற்கிறது. அதை அந்த வரிசைக்குள்ளேயே கூட்டாதீர்கள். கூட்டினால் மறுபடி கேரி ஓடும். மூன்றாம் வரிசையின் 1-ஐ, நான்காம் வரிசை இரண்டு இடம் தள்ளித் தொடங்குவதால் அதன் வலப்புறம் காலியாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

தொடர்கூட்டி: நான்காம் வரிசையின் 1 எங்கே போகும்? அதற்கடியில் வரிசை இல்லையே. 64-இன் நிரலில் நான்கு பிட்டுகள் ஏற்கெனவே இருக்க, ஐந்தாவதாக இதுவும் சேர்கிறது. குறியற்ற எண்ணாக, அதே 10110101-ஐ 181 என்று படித்தால், மேலே 001 என்ற மூன்று கூடி, +1 × 256 என ஐந்தாம் வரிசையே முழுதாக வந்துவிடும். பாதி என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நிரல்வரிசை: குறியற்ற எண்ணில் ஐந்து என்பது உண்மை; மறுக்கவில்லை. குறியுள்ள எண்ணில் அந்த ஒற்றை பிட்டை முதல் வரிசையோடு முன்கூட்டியே இணைத்து, நான்கிலேயே நிறுத்தும் வடிவமைப்புகள் உண்டு. அதற்குக் கூடுதல் கேட்டுகள் தேவை.

தொடர்கூட்டி: அப்படியானால் கணக்கைப் பாருங்கள். மூன்றை இரண்டாக்கும் கூட்டிகளால் எட்டு வரிசைகளை இரண்டாக்க நான்கு அடுக்குகள் வேண்டும், ஐந்துக்கு மூன்று. ஓர் அடுக்கை மிச்சம் பிடிப்பதற்காக, மாற்றுக்குறியீட்டுச் சுற்றையும் மடங்கைத் தேர்ந்தெடுக்கும் சுற்றையும் முன்னால் வைக்கிறோம். எட்டு பிட்டில் இது வேகத்தைக் கூட்டும் என்று நான் நம்பவில்லை.

நிரல்வரிசை: 16 பிட்டில் ஆறு அடுக்குகள் நான்காகும், ஒன்பது வரிசைகள் என்று வைத்தே சொல்கிறேன். அங்கே முறை தன் செலவை ஈடுகட்டிவிடும். எட்டில் நான்கு வரிசைகளாகவே அமைத்தால் இரண்டு அடுக்குகள்தான். அந்த வடிவத்தைத் தாங்கள் எடைபோடவில்லை.

தொடர்கூட்டி: முன்கூட்டியே இணைக்கும் கேட்டுகளின் தாமதத்தையும் சேர்த்து எடைபோடுங்கள், பிறகு பேசலாம். குறியற்ற எண்களுக்கு என் நிலை மாறாது.