மூன்று தடவை தைத்தும் அறுந்த சட்டைப் பட்டன்

கோவை அப்பா

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் சீருடைச் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டனை, பள்ளி திறந்ததிலிருந்து மூன்று தடவை தைத்துவிட்டேன். வீட்டில் ஊசி பிடிப்பது நான் மட்டும்தான், அதுவும் இந்த வருஷம்தான் ஆரம்பித்தேன். முதல் தடவை அறுந்தபோது நூல் மெல்லிசு என்று நினைத்தேன். அடுத்த தடவை தடித்த நூல் போட்டேன், அதுவும் இரண்டு வாரம் தாங்கவில்லை. மூன்றாவது தடவை நன்றாக இழுத்து இறுக்கி, பட்டன் துணியோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி தைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் போனது, ஒன்பதாவது நாள். இந்தத் தடவை நூலோடு துணியும் பிய்ந்து, அந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. கையால் தைத்துப் பழகியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

விடுதி அறை 12

எனக்கும் இதே கதைதான் அண்ணா. நான் கண்டுபிடித்த வழி, நூலை நாலு இழையாக மடித்துத் தைப்பது. கடைசியில் முடிச்சின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிட வேண்டும். ஆறு மாதமாக என் சட்டையில் ஒரு பட்டன்கூட விழவில்லை. எவ்வளவு இழை சேர்க்கிறோமோ அவ்வளவு பலம்.

ஈரோடு தையல்காரம்மா

தம்பி, முடிச்சில் பாலிஷ் வைப்பது நல்ல யோசனைதான், வழுக்குகிற பாலியஸ்டர் நூலில் முடிச்சு அவிழாமல் நிற்கும். ஆனால் நாலு இழை வேண்டாம். பட்டன் ஓட்டை சின்னது. நாலு இழையோடு இரண்டு தடவை போனாலே அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஊசியை முட்டித் தள்ளும்போது பட்டன் உடையும், இல்லையென்றால் துணியில் பெரிய துளை விழும்.

கோவை அப்பா, முப்பது வருஷத்துக்கு மேல் தைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உங்கள் பட்டனுக்குக் கழுத்து இல்லை. சட்டையைப் பட்டன் போட்டு ஒரு தடவை பக்கவாட்டில் பாருங்கள். பட்டனுக்கும் அடித்துணிக்கும் நடுவில் காஜா பட்டி வந்து உட்கார வேண்டும். அந்தப் பட்டி மடித்த துணி, உள்ளே கேன்வாஸும் இருக்கும். அது உட்கார இடம் இல்லாமல் பட்டனை ஒட்டித் தைத்தால், பிள்ளை குனியும்போதும் பை மாட்டும்போதும் இழுப்பு எல்லாம் நூல் மேல்தான் விழும். பட்டன் ஓட்டையின் விளிம்பு நூலை அறுக்கும். நூல் தடிமனாக இருந்து அறுபடாவிட்டால் துணி பிய்யும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

இப்போது ஓட்டை விழுந்த இடத்துக்கு முதலில் உள்பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வையுங்கள், கட்டை விரல் நகம் அளவு போதும். பழைய வெள்ளைச் சட்டையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அதைச் சேர்த்துப் பிடித்தே பட்டன் தைக்க வேண்டும்.

நூல் ஊசியில் கோத்து மடித்த பிறகு ஒரு முழம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சிக்கும். முடிச்சுப் போட்டு ஊசியைத் துணியின் மேல்பக்கமிருந்து உள்ளே விடுங்கள், முடிச்சு பட்டனுக்கு அடியில் மறைந்துவிடும். ஊசி திரும்ப மேலே வந்ததும் பட்டனைக் கோத்து, பட்டன் மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு, குச்சிக்கு மேலாகவே நூல் போகும்படி தையுங்கள். நாலு ஓட்டைப் பட்டன் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று தடவை. மற்ற பட்டன்களில் நூல் இரண்டு கோடாக இருக்கிறதா, பெருக்கல் குறியாக இருக்கிறதா என்று பார்த்து அதே மாதிரி போடுங்கள்.

பிறகு குச்சியை உருவுங்கள். பட்டன் லொட லொட என்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஊசியைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் கொண்டுவந்து, பட்டனை மேலே தூக்கிப் பிடித்து, அடியில் நிற்கிற நூல் கற்றையைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றுங்கள். அதுதான் கழுத்து. இந்தச் சுற்றை மட்டும் இறுக்கலாம். கடைசியில் ஊசியை உள்பக்கம் இறக்கி, ஒரு சின்னத் தையல் எடுத்து, அந்த வளையத்துக்குள்ளேயே ஊசியை விட்டு இழுங்கள். அதே மாதிரி இன்னொரு தடவை.

சரியாக வந்ததா என்று பட்டன் போட்டுப் பார்த்தால் தெரியும். மேல்பட்டி குழி விழாமல் சமமாகப் படிய வேண்டும். குழி விழுந்தால் கழுத்து குட்டை, பிரித்துத்தான் தைக்க வேண்டும். கோட்டு, ஸ்வெட்டர் மாதிரி கனத்த துணிக்கு இரண்டு குச்சி வைப்பேன்.

திருச்சி வாசகி

என் கணவர் சட்டையிலும் பட்டன் நிற்பதே இல்லை. ஆனால் கீழே விழாது, போட்டதும் தானாகக் கழன்றுவிடும். தீக்குச்சி வைத்துத் தைத்தும் பார்த்தேன், இன்னும் அதிகமாகக் கழல்கிறது. என்ன தப்பு செய்தேன்?

ஈரோடு தையல்காரம்மா

அம்மா, உங்கள் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. தளர்ந்து போனது காஜா. துவைத்துத் துவைத்து விரிந்திருக்கும். காஜாவின் ஒரு முனையில், அதே நிற நூலால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மூன்று தையல் குறுக்கே போட்டு நீளத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பட்டன் கொஞ்சம் தடுமாறி நுழைகிற அளவுக்குக் குறைத்தால் போதும். பட்டனின் கழுத்து நீளமாகிவிட்டதால்தான் இன்னும் கழல்கிறது, அதையும் குட்டையாக்குங்கள்.

நாகர்கோவில் ஆசிரியை

பட்டனுக்குச் சொன்னது எனக்குப் பேண்ட் மடிப்பில் நடந்தது. சுடிதார் பேண்டின் கீழ்மடிப்பு, காலை விடும்போது விரல் மாட்டி ஒரு அங்குலம் விட்டது. தொங்கிய நூலை வெட்டுவதற்குப் பதிலாக இழுத்தேன். மளமளவென்று பாதி வட்டம் பிரிந்துவிட்டது. ஆயத்த ஆடைகளில் கீழ்மடிப்பு பல சமயம் ஒற்றை நூல் சங்கிலித் தையலாக இருக்கும், ஒரு கண்ணி அவிழ்ந்தால் வரிசையாக அவிழும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். புதுச் சட்டைப் பட்டன்களும் இப்படித் தைத்து வருவது உண்டு. அதனால் தொங்கும் நூலை இனி எங்கேயும் இழுப்பதில்லை.

அன்று இரவே ஒற்றை இழை நூலால் தைத்தேன். பிரியக் கூடாது என்று ஒவ்வொரு தையலையும் நன்றாக இழுத்தேன். மறுநாள் பள்ளியில் பார்த்தால், வெளிப்பக்கம் முழுக்க அரை அங்குலத்துக்கு ஒரு குழி, எறும்பு வரிசை மாதிரி. பிரித்து மறுபடி தைத்தபோது முறையை மாற்றினேன். முதலில் பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்து இஸ்திரி போட்டேன், அதன் பிறகு துணி தானாகவே சொன்ன இடத்தில் நின்றது. பிரியாமல் நல்லபடியாக இருந்த தையலுக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே ஆரம்பித்தேன். வெளித்துணியில் ஊசி நுனியால் ஒரே ஒரு இழை, மிஞ்சினால் இரண்டு இழை, அப்புறம் மடிப்பின் ஓரத்தில் கொஞ்சம் தாராளமாக. இதே மாதிரி மாற்றி மாற்றி. நூலை இழுக்காமல், துணி மேல் சும்மா படுத்திருக்கிற அளவுக்கு விட்டேன். ஐந்து தையலுக்கு ஒரு தடவை உள்மடிப்பில் அதே இடத்தில் இரண்டு தரம் குத்திக் கட்டிக்கொண்டேன். இப்போது எங்காவது விரல் மாட்டினாலும் அந்த ஐந்து தையல்தான் போகும்.

விடுதி அறை 12

அக்கா, அவசரத்துக்கு நான் மடிப்பை ஸ்டேப்லரால் அடித்துவிடுவேன். ஒரு நாள் தாங்கும்.

நாகர்கோவில் ஆசிரியை

ஒரு நாளுக்குச் சரி தம்பி, துவைக்கப் போடும் முன் மறக்காமல் எடுத்துவிடு. எங்கள் வீட்டில் மறந்து ஊறவைத்து, வெள்ளைத் துணியில் துருக்கறை பிடித்தது. அது இன்னும் போகவில்லை.

டில்லி கரோல்பாக்

ஓட்டை பற்றி நான் சொல்கிறேன். இங்கே ரஃபூ செய்பவர்கள் நிறைய, உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் ஆட்கள் அதில் பேர் பெற்றவர்கள். ஒருவர் என் காட்டன் சட்டையின் ஓட்டையை அடைப்பதை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் முதலில் செய்தது, சட்டையின் உள்மடிப்பிலிருந்து நாலைந்து இழை உருவியது. கடை நூல் எதுவும் அந்த நிறத்துக்கு அவ்வளவு பொருந்தாது என்றார். ஓட்டைக்குக் கால் அங்குலம் தள்ளி, நல்ல துணியிலேயே ஆரம்பித்து, மேலும் கீழுமாக இழை ஓட்டினார். ஒவ்வொரு வரிசை திரும்பும்போதும் ஒரு குட்டி வளையம் விட்டார். துவைத்தால் நூல் சுருங்கும், வளையம் இல்லையென்றால் துணியைச் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்றார். அப்புறம் குறுக்கே, ஒரு இழை மேல், ஒரு இழை கீழ், பாய் முடைகிற மாதிரி.

நான் வீட்டில் செய்து பார்த்தேன். துணிக்கு அடியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன், துணி சுருங்காமல் நின்றது. பட்டாணி அளவு ஓட்டைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் பார்த்தால் தெரியும், ஒரு கை தூரத்தில் தெரியாது.

பனியன் துணிக்கு இது ஆகாது. டி-ஷர்ட்டில் வயிற்றுப் பக்கம் வரும் கடுகு அளவு ஓட்டைகளுக்கு, ஓட்டையைச் சுற்றி அறுந்து நிற்கிற கண்ணிகளை ஒன்றுகூட விடாமல் ஊசியில் கோத்து வட்டமாக வந்து, வாய் மூடுகிற அளவு மட்டும் மெதுவாக இழுத்துக் கட்டுவேன். ஒரு கண்ணி விட்டுப்போனால் அங்கிருந்து ஏணி மாதிரி கீழே ஓடும். இரண்டு கையாலும் லேசாக விரித்துப் பார்ப்பேன், நூலும் கூடவே விரிந்தால் சரி.

விடுதி அறை 12

அங்கேயும் பாலிஷ் வைத்தால் கண்ணி ஓடாதே?

டில்லி கரோல்பாக்

ஓடாதுதான். ஆனால் அந்த இடம் கெட்டியாகி உடம்பில் குத்துகிறது. எனக்கு நாலைந்து துவைப்பிலேயே அதன் ஓரத்தில் புது ஓட்டை விழுந்தது.

ஈரோடு தையல்காரம்மா

இழை ஓட்டும் முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி வெளிச்சம் பளிச்சென்று வந்தால் துணி தேய்ந்துபோயிற்று, முழங்கையில் இப்படித்தான் ஆகும். அதில் எவ்வளவு நன்றாக இழை ஓட்டினாலும் பக்கத்துத் துணி விட்டுவிடும். அதற்கு உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதுதான் வழி.

நூல் விஷயம், நான் பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான் போடுவேன். பாலியஸ்டர் நூல் துணியைவிட பலமாக இருந்தால், இழுப்பில் துணிதான் பிய்யும்.

நாகர்கோவில் ஆசிரியை

எனக்கு மாறாகத்தான் தோன்றுகிறது அம்மா. பள்ளிச் சீருடையை வாரம் முழுக்கத் துவைத்து வெயிலில் போடுகிறோம், பருத்தி நூல் ஒரு வருஷத்தில் இற்றுப்போகிறது. பட்டனுக்குப் பாலியஸ்டர் நூல், ஓட்டைக்குத் துணியின் சொந்த நூல் என்று வைத்திருக்கிறேன்.

கோவை அப்பா

எல்லோருக்கும் நன்றி. நகம் அளவு துண்டு, ஒரு தீக்குச்சி, பாலியஸ்டர் நூல் இரட்டை இழை, ஐந்து சுற்றுக் கழுத்து. இன்றோடு இருபத்து மூன்று நாள், பட்டன் நிற்கிறது. மற்ற பட்டன்களையும் பக்கவாட்டில் பார்த்தேன். நான் முன்பு தைத்த இரண்டில் பட்டி குழி விழுந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பிரித்து, ஒன்றைப் பருத்தி நூலாலும் ஒன்றைப் பாலியஸ்டர் நூலாலும் தைக்கப் போகிறேன். அரையாண்டுத் தேர்வு வரை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.