‘குட் நேம்’, ‘ஓபன் தி லைட்’: எந்த விதியை மீறுகின்றன?

சிவப்பு மை
எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். உரையாடல் எழுதும் பயிற்சியில் ஒரு மாணவி ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ என்றும் ‘ஓபன் தி லைட்’ என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் அடித்து, ஓரத்தில் ‘இலக்கணப் பிழை’ என்று குறித்தேன். “எந்த விதியை மீறினேன், மிஸ்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவை இலக்கணப் பிழைகள்தாமா?

தெற்குவாசல்
சந்தேகமே வேண்டாம், பிழைதான். மூடிக்கிடப்பதைத்தான் திறக்க முடியும். விளக்குக்குக் கதவு கிடையாது. பெயரைக் கேட்கும்போது நல்லது கெட்டது என்று எதற்கு? பொருள் பொருந்தாத வாக்கியத்தை எந்த இலக்கணமும் ஏற்காது. தமிழில் நினைத்து அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்.

ஒப்புநோக்கி
தெற்குவாசல் ஐயா, விளக்கைப் ‘போடு’ என்கிறோமே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம்? விளக்கு எரிய வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு மொழியும் வேறு வேலைக்கு இருந்த ஒரு வினையை எடுத்துக்கொள்கிறது. சீனமும் துருக்கியும் கிரேக்கமும் ‘திற’ என்கின்றன. இந்தி ‘எரி’ என்கிறது. ஆங்கிலத்தின் ‘டர்ன்’ வெறும் ‘திருப்பு’தான். இவற்றில் எதுவும் மற்றதைவிடப் பொருத்தமானதல்ல. ஆகவே பொருள் பொருந்தவில்லை என்பது காரணமாகாது.

ஆசிரியரே, உங்கள் மாணவிக்கு ஒரு சோதனையைக் காட்டுங்கள். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சொல்லை வைக்கச் சொல்லுங்கள். ‘லைட்’ இருந்த இடத்தில் ‘டோர்’ வந்தால் ‘ஓபன் தி டோர்’. ஒரு குறையும் இல்லை. ‘குட்’ இருந்த இடத்தில் ‘ஃபுல்’ வந்தால் ‘வாட் இஸ் யுவர் ஃபுல் நேம்?’, படிவங்களில் தினமும் பார்க்கும் கேள்வி. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. எனவே உங்கள் மாணவி எந்தத் தொடரமைப்பு விதியையும் மீறவில்லை. இன்ன பெயரோடு இன்ன வினை சேரும் என்ற வழக்கைத்தான் மீறியிருக்கிறாள்.

இப்போது ‘ஆஃப் தி லைட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லைட்’டுக்குப் பதில் ‘ஃபேன்’, ‘டிவி’ என்று எதை வைத்தாலும் அது நேராகாது. ‘ஸ்விட்ச்’ என்றோ ‘டர்ன்’ என்றோ ஒரு வினை உள்ளே வந்தாக வேண்டும். தமிழில் ‘ஆஃப் செய்’ என்னும்போது ‘செய்’ வினையாக இருந்து தாங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு ‘ஆஃப்’ மட்டும் ஆங்கிலத்துக்குப் போனால் வாக்கியத்தில் வினையே இல்லை. இதன் ஓரத்தில் ‘இலக்கணப் பிழை’ என்று தாராளமாக எழுதலாம்.

மின்கம்பி
நான் மின் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் வேலையில் சர்க்யூட்டை ‘ஓபன்’ செய்வது என்றால் இணைப்பைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்துவது. ‘க்ளோஸ்’ செய்தால்தான் மின்சாரம் பாயும். ‘ஓபன் தி லைட்’ என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் ஆள் விளக்கை அணைத்துவிடுவான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சர்க்யூட்டைத் திறந்தால் மின்சாரம் நிற்கும். இலக்கணமோ மரபோ, பொருள் தலைகீழாகிறதே! அதைத் திருத்தாமல் எப்படி விடுவது?

ஒப்புநோக்கி
உங்கள் பணியிடத்தில் அது முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் மாறிவிடும் ஆபத்து வேறு, இலக்கணம் பிழைபடுவது வேறு. ‘ஓபன் தி சர்க்யூட்’ என்ற உங்கள் தொடரும் மாணவியின் தொடரும் ஒரே அச்சில் வார்த்தவை.

பனிக்காலம்
என் தங்கை மாண்ட்ரியலில் இருக்கிறாள். அங்கே ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட ‘க்ளோஸ் தி லைட்’ என்கிறார்களாம். சுற்றிலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் விளக்கைத் ‘திற’, ‘மூடு’ என்று சொல்வதால் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? நம் பிள்ளைகள் எழுதினால் மட்டும் சிவப்பு மை ஏன்?

தொலைபேசிக்காரன்
பெயரை மரியாதையாகக் கேட்பது எப்படி என்பதுதானே கேள்வி? ‘மே ஐ நோ யுவர் நேம்?’ போதும். வேலையில் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் ‘குட் நேம்’ கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “என் பெயரைப் பற்றி யாராவது தவறாகச் சொன்னார்களா?” என்று கேட்டார். அன்று கூனிக் குறுகிப் போனேன். மரியாதைக்காகச் சேர்த்த சொல் அவர் காதில் மானப் பிரச்சினையாக விழுந்துவிட்டது.

ஒப்புநோக்கி
கேள்வி அதுவல்ல, ஆனால் உங்கள் அனுபவம் சரியான இடத்தைத் தொடுகிறது. ஆங்கிலத்தில் ‘குட் நேம்’ என்றால் நற்பெயர், மானம். தமிழிலும் அதேதான், ‘நல்ல பெயர் எடுத்தான்’ என்கிறோம். தமிழில் நினைத்து எழுதுகிறவருக்கு இந்தத் தொடர் வரவே வராது. அதேபோல், தமிழிலிருந்து நேராக வந்திருந்தால் விளக்கு ‘புட் தி லைட்’ என்றுதான் ஆகியிருக்கும். தெற்குவாசல் ஐயா சொன்ன காரணம் இந்த இரண்டிலுமே நிற்கவில்லை.

‘குட் நேம்’ வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் ‘ஷுப் நாம்’ என்று கேட்பது உபசாரம். ‘ஷுப்’ என்றால் மங்கலம். வங்காளத்தில் அது உண்மையான தகவலைக் கேட்கும் கேள்வி. அங்கே வீட்டில் கூப்பிடும் ‘டாக் நாம்’ ஒன்று, ஊரறிய வழங்கும் ‘பாலோ நாம்’ இன்னொன்று. ‘பாலோ’ என்றால் நல்ல. அங்கே இரண்டில் எது என்று கேட்கிறார்கள். இந்தியில் கேட்பது மரியாதைக்காக. ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டும் ஒரே தொடராகிவிட்டன. தமிழ்ப் பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை, இந்திய ஆங்கிலத்தில் காதால் கேட்டு முழுத் தொடராகக் கற்றிருக்கிறாள். அப்படிக் கற்கப்படும் தொடரைத்தான் மரபுத்தொடர் என்கிறோம்.

கிளவி
இலக்கணம் வேறு, மரபு வேறு என்று கூறு போடுவதை நான் ஏற்கவில்லை. நன்னூல் வழுக்களை ஏழாக எண்ணுகிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. யானை மேய்ப்பவனை இடையன் என்றும் ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் சொல்வது மரபு வழு. அந்த வாக்கியத்திலும் எலும்புக்கூடு சரியாகத்தானே இருக்கிறது? தொல்காப்பியக் கிளவியாக்கமும் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்கிறது. உண்பதும் தின்பதும் பருகுவதும் அடங்கிய ‘அடிசில்’ என்ற பொதுச்சொல்லுக்குத் ‘தின்றார்’ என்ற ஒரு வினையை மட்டும் கொடுக்காதே, பொதுவான ‘அயின்றார்’ என்பதைக் கொடு என்பது உரை. எந்தப் பெயருக்கு எந்த வினை என்பதை நம் முன்னோர் இலக்கணத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் எழுதியதில் தவறில்லை.

ஒப்புநோக்கி
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை, கிளவி. ஆனால் அதே நன்னூல் அந்த ஏழுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது அல்லவா? பால் வழுவையும் மரபு வழுவையும் ஒரே சொல்லால் அடித்தால், எதைத் திருத்துவது என்று பிள்ளைக்குத் தெரியாது. அவள் கேட்டது அதைத்தான்.

கிளவி
பெயர் வேறாக இருக்கட்டும். வழு வழுதான்.

பனிக்காலம்
ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டால்? பழையன கழிதலும் புதியன புகுதலும் என்றதும் அதே நன்னூல்தானே.

தெற்குவாசல்
‘புட் தி லைட்’ என்பதை நான் யோசிக்கவில்லை. என் வீட்டிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். மூலம் தமிழ் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தேர்வில் அடிப்பேன். திருத்துகிறவர் எல்லோரும் பனிக்காலமாக இருக்க மாட்டார்.

சிவப்பு மை
இன்று அவளுடைய நோட்டை வாங்கி, ‘இலக்கணப் பிழை’யை அடித்துவிட்டு ‘வழக்கு’ என்று எழுதினேன். ‘ஓபன் தி டோர்’ சோதனையையும் செய்து காட்டினேன். குறைத்த மதிப்பெண் ‘ஓபன் தி லைட்’டுக்கு அப்படியே இருக்கிறது. ‘குட் நேம்’ பற்றி முடிவெடுக்க முடியவில்லை. அவள் எழுதிய உரையாடல் ரயிலில் சந்திக்கும் இரண்டு இந்தியர்களுக்கு இடையே நடப்பது.