எல்லா போஸ்ட்டுக்கும் லைக் போடுறாங்க: விருப்பமா, மரியாதையா?

ஓஎம்ஆர் ஷட்டர்:
எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. நாலு மாசமா இன்ஸ்டாகிராம்ல நான் எது போட்டாலும் லைக் வந்துடுது. காசிமேடு, பெசன்ட் நகர், பள்ளிக்கரணைப் பறவைன்னு மொத்தம் 31 போட்டோ, ஒண்ணுகூட விடல. ஆனா நேர்ல பார்த்தா ஒரு சிரிப்பு, அவ்ளோதான். இதை விருப்பம்னு எடுத்துக்கலாமா, இல்ல சும்மா மரியாதையா?

டீக்கடை பெஞ்ச்:
மச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு? யாரும் சும்மா நாலு மாசம் ஒருத்தனோட போட்டோவை விடாம பார்க்க மாட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு பொண்ணு தானா வந்து பேசினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அந்தப் பயத்துல இருக்கவங்களுக்கு லைக்தான் ஒரே வழி. நீ போய்ப் பேசு.

மயிலை கோலம்:
தயவுசெஞ்சு இப்படி ஏத்தி விடாதீங்க. நான் எல்லாருக்கும் லைக் போடுற ஆளு. பஸ்ல உட்கார்ந்தா கட்டைவிரல் தானா ரெண்டு தட்டு தட்டும். சித்தி வச்ச வத்தக்குழம்புக்கும் போடுவேன், கூட வேலை பாக்குறவர் வாங்கின வண்டிக்கும் போடுவேன். அப்படி லைக் வாங்கின ஒருத்தர் ஒருநாள் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் வந்து, "நீதானே ஆரம்பிச்ச?"ன்னு கேட்டார். அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசம் யாருக்குமே லைக் போடல. அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது.

பெரம்பூர் லோகோ:
தம்பி, 31 போட்டோ போட்டும் ஒரே ஒரு ஆள்தான் லைக் பண்றாங்கன்னா போடுற நேரம் சரியில்ல. ராத்திரி எட்டு மணிக்கு மேல போட்டுப் பாருங்க. என் மச்சான் கேட்டரிங் பக்கத்துக்கு அப்படித்தான் கூட்டம் சேர்ந்துச்சு.

ஓஎம்ஆர் ஷட்டர்:
அண்ணா, லைக் கூடணும்னு கேக்கல. இந்த ஒருத்தரோட லைக் பத்தித்தான் கேட்டேன்.

அடையாறு ஆலமரம்:
எட்டு வருஷமா கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் பார்த்துக்கறது என் தொழில். இந்த 31-ஐ வச்சு மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது, ஷட்டர். ஒருத்தர் உங்க படத்துக்கு ரெண்டு மூணு தடவை லைக் போட்டுட்டா, அடுத்த படத்தை ஆப் அவங்க கண்ணுக்கு மேலேயே கொண்டுவந்து வைக்கும். மேல வந்ததால மறுபடி லைக், லைக் போட்டதால மறுபடி மேல. "விடாம பார்க்கறாங்க"ன்னு பெஞ்ச் சொல்றதுல பாதி ஆப் செய்யற வேலை. அவங்க உங்களைத் தேடி வந்தாங்களான்னு இதுல தெரியாது. ஸ்டோரி பார்த்தவங்க பட்டியல்ல அவங்க பேர் முதல்ல இருந்தாலும் இதே கதைதான். அந்த வரிசையும் ஆப் போடுறதுதான்.

நீங்க பார்க்க வேண்டியது, மத்தவங்களுக்குச் செய்யாத எதையாவது உங்களுக்குச் செய்யறாங்களான்னு. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான மூணு ஆபீஸ் நண்பர்களை எடுத்துக்கோங்க. ஆளுக்குக் கடைசிப் பத்து போஸ்ட். லைக் போட்டவங்க பட்டியல் தெரிஞ்சா அதுல அவங்க பேர் இருக்கான்னு எண்ணிட்டு வாங்க. அதுக்கு மேல நோண்ட வேண்டாம், அது வேவு பார்க்கறதாயிடும்.

ஓஎம்ஆர் ஷட்டர்:
எண்ணிட்டேன். முப்பதுல 28. ஒருத்தன் போட்ட ஹெல்மெட் விளம்பரத்துக்குக்கூட போட்டிருக்காங்க. மனசு கொஞ்சம் உடைஞ்சுதான் போச்சு.
இன்னொண்ணு, முதல்லயே சொல்லியிருக்கணும். ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் நான்தான் அவங்க டீம் லீடு. இப்ப வேற டீமுக்கு மாறிட்டாங்க.

மயிலை கோலம்:
இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்! லீடு போடுற படத்துக்கு லைக் போடாம இருக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அப்ரைசல் அவர் கையில இருக்கே.

டீக்கடை பெஞ்ச்:
சரி, அது அப்போ. டீம் மாறி ரெண்டு மாசம் ஆச்சே? இப்ப யாருக்குப் பயந்து போடணும்? நிறுத்தலயே. அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குல்ல?

அடையாறு ஆலமரம்:
பெஞ்ச் கேக்கறது நியாயமான கேள்வி. பயம் போனப்புறமும் தொடர்ந்தா மரியாதைக் கணக்கு கொஞ்சம் குறையும். ஆனா பழக்கக் கணக்கு அப்படியே நிக்குது, முப்பதுல 28.
1982-ல ஆன்டோனியா ஆபிங்கற உளவியலாளர் ஒரு ஆய்வு பண்ணாங்க. அறிமுகமில்லாத ஒரு ஆணும் பெண்ணும் அஞ்சு நிமிஷம் பேசினாங்க, இன்னொரு ஜோடி அதை மறைவா இருந்து பார்த்துச்சு. அந்தப் பெண் சாதாரணமா சிநேகமாப் பேசினதைப் பெண்கள் பார்த்ததைவிட ஆண்கள் அதிகமா ஈர்ப்பாவே பார்த்தாங்க. நேருக்கு நேர் பேச்சுலயே இப்படின்னா, ஒரு இதயக் குறியில எவ்வளவு வழுக்கும்? நமக்கு ஆசை இருக்கற இடத்துல நம்ம கணக்கை நாமளே ரெண்டு தடவை சரிபார்க்கணும்.
லைக்கைத் தள்ளி வைங்க. அவங்களா ஏதாவது எழுதினாங்களா? ஒரு வரி போதும்.

ஓஎம்ஆர் ஷட்டர்:
ஒண்ணே ஒண்ணு. பள்ளிக்கரணை பூநாரை படம் போட்டப்ப மெசேஜ் வந்துச்சு. அப்படியே போடுறேன்:
"இது ரேடியல் ரோடு பக்கமா? போன மாசம் நானும் அப்பாவும் போனப்ப ஒண்ணுகூட இல்லையே."
நான் "ஆமா"ன்னு போட்டு ஒரு கட்டைவிரல் வச்சேன். அவ்ளோதான்.

மயிலை கோலம்:
அட, இவ்ளோ எழுதினவங்களுக்கு ஒத்தை வார்த்தையா?

அடையாறு ஆலமரம்:
31 லைக்கைவிட இந்த ஒரு மெசேஜ்லதான் விஷயம் இருக்கு. அவங்க வெறும் இடம் மட்டும் கேக்கல. அப்பாவோட போனேன், ஏமாந்தேன்னு தன்னைப் பத்தியும் சொல்லியிருக்காங்க. பேச்சு தொடர ஒரு வாசல் வச்சாங்க, நீங்க "ஆமா"ன்னு சாத்திட்டீங்க. அது உங்க மேல உள்ள விருப்பமா, பறவை மேல உள்ள விருப்பமான்னு ஒரு மெசேஜை வச்சு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது.
அந்தக் கேள்விக்கே இப்ப முழுசா பதில் எழுதுங்க. எங்க நின்னீங்க, எத்தனை மணி, தண்ணி எவ்வளவு இருந்துச்சு. காபி, சினிமான்னு எதுவும் வேண்டாம், பதில் போடலைன்னாலும் அவங்களுக்குச் சங்கடம் இருக்கக்கூடாது. பதில் வந்தா, அவங்களா ஏதாவது சேர்க்கறாங்களா, திருப்பிக் கேக்கறாங்களான்னு பாருங்க. வெறும் "ஓகே, தேங்க்ஸ்"னு வந்தா அதோட விட்டுடுங்க. ரெண்டாவது தடவை தூண்டில் போடாதீங்க.

டீக்கடை பெஞ்ச்:
நான் நேர்லயே கேட்டிருப்பேன். இப்படிச் சுத்தி வளைச்சா அதுக்குள்ள அவங்களுக்கு வீட்ல வரன் பார்த்துடுவாங்க.

மயிலை கோலம்:
கேக்கலாம் பெஞ்ச். ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசினதுக்கப்புறம் கேக்கலாம். என் வீட்டுக்காரருக்கு முதல்ல மெசேஜ் அனுப்பினது நான்தான், அதனால பொண்ணுங்க வாயே திறக்க மாட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க.

ஓஎம்ஆர் ஷட்டர்:
நேத்து ராத்திரி எழுதிட்டேன். "அன்னைக்குச் சரியா பதில் சொல்லல, மன்னிக்கணும்"னு ஆரம்பிச்சு, காலைல ஆறரைக்குப் போனது, துரைப்பாக்கத்துலேர்ந்து வரும்போது எந்தக் கையில நிக்கணும்னு எல்லாம். நாப்பது நிமிஷத்துல பதில்:
"அப்பா கிட்ட காட்டினேன். ஆறரைக்கே போகணுமான்னு கேக்கறாரு. நாங்க ஒன்பது மணிக்குப் போனோம், அதான் போல. எந்த லென்ஸ்?"

டீக்கடை பெஞ்ச்:
அப்பா வரைக்கும் போயாச்சு. இன்னும் என்ன வேணும்?

மயிலை கோலம்:
அந்த அப்பாவுக்குப் பறவை பிடிக்கும், அவ்ளோதான் இதுல இருக்கு.

அடையாறு ஆலமரம்:
கடைசி ரெண்டு வார்த்தை அவங்களோட கேள்வி. லென்ஸ் எதுன்னு சொல்லுங்க, இந்தத் தடவை ஒத்தை வார்த்தையில வேண்டாம்.